அறைக்குள் தீ, கையில் 2 கிலோ பவுடர் சிலிண்டர்: எப்போது அடிப்பது, எப்போது கதவைச் சாத்திவிட்டு ஓடுவது?

கதவோரம் (இழையைத் தொடங்கியவர்)

அலுவலகத்தில் தீயணைப்புப் பயிற்சி கொடுத்தார்கள். வெளியே திறந்த மைதானத்தில் ஒரு இரும்புத் தட்டில் டீசல் ஊற்றிக் கொளுத்தி, ஆளுக்கு ஒரு உலர்பவுடர் சிலிண்டரைக் கொடுத்து, பின்னை இழு, அடியில் குறிவை, பிடியை அழுத்து, பக்கவாட்டில் வீசு என்று நான்கு சொல் சொன்னார்கள். எல்லாரும் அணைத்தோம், கை தட்டினோம், முடிந்தது. காற்று எங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசியதால் பவுடர் எல்லாம் முன்னால் போய்விட்டது, முகத்தில் ஒரு துளிகூடப் படவில்லை.

என் சந்தேகம் வேறு. எங்கள் பொருள் அறை ஏறத்தாழ 10க்கு 12 அடி, ஜன்னல் இல்லை, ஒரே கதவு. எதிர்ச் சுவரோரம் மேசை, மேசைக்கு அடியில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அதை ஒட்டி அட்டைப்பெட்டிகள். எங்களிடம் இருப்பது 2 கிலோ ஏபிசி பவுடர், அதுவும் அறைக்கு உள்ளேயே, கதவுக்கு எதிர்ச் சுவரில் மாட்டியிருக்கிறது. நாளைக்கு அந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் பற்றி அட்டைப்பெட்டிக்குத் தீ பரவினால், மைதானத்தில் செய்த அதே நான்கு வேலையைத்தான் அங்கேயும் செய்யவேண்டுமா? எந்த அளவுத் தீ வரை நான் கை வைக்கலாம்? "சிறிய தீ என்றால் அணையுங்கள், பெரிய தீ என்றால் வெளியேறுங்கள்" என்று பயிற்சியாளர் சொன்னார். சிறியது என்றால் எவ்வளவு என்று கேட்டதற்குச் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

மூன்றாம்_மாடி

இதில் குழம்ப என்ன இருக்கிறது? பின்னை இழுத்து அழுத்தினால் வரப்போகிறது. முக்கியமான விஷயம் ஒன்று சொல்கிறேன், பவுடரைச் சிக்கனமாக அடியுங்கள். ஒரு அடி, நிறுத்து, பார், மறுபடி ஒரு அடி. ஒரேயடியாக அழுத்திப் பிடித்தால் பத்து வினாடியில் காலி. அப்புறம், மாதம் ஒருமுறை லேசாக ஒரு அழுத்து அழுத்தி வேலை செய்கிறதா என்று பார்த்துவிடுங்கள். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன், அழுத்தம் காட்டும் முள் பச்சையில்தான் நிற்கிறது.

பழைய_சைரன்

மூன்றாம்_மாடி, அந்தச் சிலிண்டரை இன்றைக்கே சர்வீசுக்கு அனுப்புங்கள், விளையாட்டாகச் சொல்லவில்லை. பவுடர் சிலிண்டரை ஒருமுறை லேசாக அழுத்தினாலும் பவுடர்த் துகள் வால்வு உட்காரும் இடத்தில் சிக்கிக்கொள்ளும், வால்வு முழுதாக மூடாது. அழுத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும், சிலது ஒரே நாளில், சிலது பல நாளில். இன்றைக்குப் பச்சையில் நிற்கிறது என்பதால் அடுத்த வாரமும் நிற்கும் என்று சொல்லமுடியாது. சோதனைக்காக அடித்துப் பார்க்கவே கூடாது. முள், சீல், ஹோஸ், சர்வீஸ் சீட்டின் தேதி, இவற்றைக் கண்ணால் பார்ப்பதுதான் மாதச் சோதனை.

சிக்கனம் பற்றிச் சொன்னதும் பாதிதான் சரி. 2 கிலோ சிலிண்டர் தொடர்ந்து அழுத்தினால் 8 முதல் 10 வினாடி வரும், அது உண்மை. 6 கிலோவே 15, 20 வினாடிக்குள் தீர்ந்துவிடும். ஆனால் சுவாலை உயிரோடு இருக்கும்போது விட்டு விட்டு அடித்தால், நீங்கள் விடும் ஒவ்வொரு இடைவெளியிலும் அது மீண்டுவிடும். பவுடர் தீயைக் குளிர்விப்பதில்லை, சுவாலைக்குள் நடக்கும் வேதிவினையின் சங்கிலியை அறுக்கிறது. சங்கிலி முழுக்க அறுபடும்வரை மேகம் சுவாலையின் மேல் இடைவிடாமல் இருக்கவேண்டும். ஆகவே சுவாலை சாகும்வரை பிடியை விடாதீர்கள். செத்த பிறகு நிறுத்துங்கள். மிச்சம் இருப்பதைச் சேமிப்பது அதற்கப்புறம்தான்.

இழை தொடங்கியவரே, உங்கள் கேள்வி நல்ல கேள்வி. இரவு உட்கார்ந்து விரிவாக எழுதுகிறேன். அதற்கு முன் ஒன்று மட்டும்: அந்தச் சிலிண்டரை அறைக்குள்ளிருந்து எடுத்துக் கதவுக்கு வெளியே வராந்தாவில் மாட்டுங்கள். தீயைத் தாண்டிப் போய் எடுக்கவேண்டிய தீயணைப்பான் இல்லாததற்குச் சமம்.

நாலு_சக்கரம்

என் காரில் ஒரு கிலோ பவுடர் இருக்கிறது. சீட்டுக்கு அடியில் வருடக்கணக்காகக் கிடக்கிறது. பவுடர் கட்டியாகியிருக்குமா? தலைகீழாகக் குலுக்கவேண்டும் என்கிறார்களே. கார் எஞ்சினில் புகை வந்தால் பானெட்டைத் திறந்து மேலிருந்து அடிக்கலாமா?

கதவோரம்

கார் இல்லை அண்ணா, அறையைப் பற்றிக் கேட்டேன் :) ஆனால் குலுக்குவது பற்றி எனக்கும் தெரிந்துகொள்ள ஆசை.

பழைய_சைரன்

காருக்கு முதலில். பானெட்டை முழுசாகத் தூக்காதீர்கள். தூக்கினால் உள்ளே காற்றுப் பாய்ந்து சுவாலை உங்கள் முகத்துக்கு வரும். வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, எல்லாரையும் இறக்கித் தள்ளி நிற்கவைத்துவிட்டு, உள்ளிருக்கும் லீவரை இழுத்து பானெட் லேசாக விடுபடும் அளவோடு விடுங்கள். அந்த இடுக்கு வழியாக நாஸிலை வைத்து அடியுங்கள். சுவாலை டேஷ்போர்டுப் பக்கம் வந்துவிட்டாலோ, வண்டிக்கு அடியில் எரிபொருள் ஒழுகி எரிந்தாலோ ஒரு கிலோ எதற்கும் காணாது, தள்ளிப் போய்விடுங்கள்.

குலுக்குவது பற்றி எங்கள் ஆட்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து கிடையாது. வண்டியின் அதிர்வில் பவுடர் அடியில் இறுகும் என்பதால் வண்டி சிலிண்டரை அவ்வப்போது தலைகீழாகத் திருப்பி, அடியை ரப்பர்ச் சுத்தியலால் தட்டுவோரும் உண்டு. இப்போது வரும் பவுடருக்கு இறுகாமலிருக்க மருந்து சேர்த்திருக்கிறார்கள், சுவரில் மாட்டியதைத் தொடவே வேண்டாம் என்போரும் உண்டு. நான் வண்டியில் இருப்பதைத் திருப்புவேன், சுவரில் இருப்பதைத் தொடமாட்டேன். உங்கள் சிலிண்டரின் லேபிளில் தயாரிப்பாளர் எழுதியிருப்பதைப் பின்பற்றுங்கள்.

குறுக்குவழி_வேண்டாம்

நான் ஒரு ஆலையில் பதினைந்து ஆண்டு சர்வீஸ் வேலை பார்த்தவன். சைரன் சொல்வதை மறுக்கவில்லை, ஆனால் சுவர்ச் சிலிண்டரும் இறுகும், அதிர்வுள்ள மெஷின் பக்கத்தில் மாட்டியிருந்தால். பிரித்துப் பார்த்திருக்கிறேன், அடியில் கல் மாதிரி. முள் பச்சையில்தான் இருந்தது. முள் காட்டுவது வாயுவின் அழுத்தத்தை, பவுடரின் நிலையை இல்லை.

பழைய_சைரன்

அது நியாயம். அதிர்வுள்ள இடத்துக்கு நானும் திருப்பச் சொல்வேன்.

இப்போது அறை. கதவோரம் சொன்ன அதே அறையை வைத்தே ஓட்டிப் பார்ப்போம். மேசைக்கு அடியில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் பற்றி, பக்கத்து அட்டைப்பெட்டியின் ஒரு பக்கம் எரிகிறது, சுவாலை முழங்கால் உயரம். நீங்கள் கதவில் நிற்கிறீர்கள், சிலிண்டர் வெளியே வராந்தாவில்.

பின்னைத் தொடும் முன்னால் சத்தம் போடுங்கள். யாராவது தீயணைப்புத் துறைக்கு அழைக்கட்டும், இன்னொருவர் அந்த அறைக்கான மின் இணைப்பைத் துண்டிக்கட்டும், பிரேக்கர் வெளியே இருந்தால். தனியாக யாருக்கும் தெரியாமல் உள்ளே போய் அணைத்துவிட்டுப் பெருமைப்படலாம் என்று நினைப்பவர்கள்தான் புகையில் விழுந்து கிடப்பார்கள், அவர்கள் உள்ளே இருப்பதே யாருக்கும் தெரியாது.

அடுத்து கதவில் நின்று உள்ளே பாருங்கள், இரண்டு மூன்று வினாடி போதும். முதலில் தீயைப் பார்க்காதீர்கள், கூரையைப் பாருங்கள். கூரைக்குக் கீழே கருப்பாகப் புகை அடுக்கு கட்டி, அது கீழே இறங்கிக்கொண்டிருந்தால் உள்ளே போகாதீர்கள். கீழே தீ எவ்வளவு சின்னதாகத் தெரிந்தாலும் சரி. அந்தப் புகை விஷமும்கூட, எரியக்கூடியதும்கூட. அடுக்கு சூடேறிச் சூடேறி ஒரு கட்டத்தில் அறையில் உள்ள எல்லாப் பொருளும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் பற்றும். இன்றைய அறைகளில் நுரைமெத்தை, பிளாஸ்டிக் எல்லாம் நிறைந்திருப்பதால் தொடக்கத்திலிருந்து அந்தக் கட்டம் வர ஐந்து நிமிடம்கூட ஆகாமல் போகலாம். நீங்கள் பார்த்தபோது அதில் எத்தனை நிமிடம் ஏற்கெனவே போய்விட்டது என்பது உங்களுக்குத் தெரியாது.

கூரை தெளிவாக இருக்கிறது, சுவாலை உங்கள் இடுப்புக்குக் கீழே, எரிவது ஒரு பெட்டி, பக்கத்துப் பொருளுக்குப் போகவில்லை, கதவு உங்கள் முதுகுக்குப் பின்னால். இந்த நான்கும் சேர்ந்து இருந்தால் மட்டும் பின்னை இழுங்கள். பயிற்சியாளர் சொல்லாமல் போன "சிறியது" இதுதான், ஒரு குப்பைக்கூடை அளவு. அந்த அளவைத் தாண்டிவிட்டதா இல்லையா என்று நின்று யோசிக்கவேண்டியிருந்தால், தாண்டிவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம்_மாடி

சரி, சர்வீசுக்கு அனுப்புகிறேன். ஆனால் இது ரொம்பப் பயமுறுத்துவதாக இல்லையா? ஒரு பெட்டி எரிவதற்கு இத்தனை கணக்கா?

பழைய_சைரன்

கணக்குப் போட இரண்டு மூன்று வினாடிதான் கேட்கிறேன். தொடர்கிறேன்.

பின்னை இழுக்கும்போது எல்லாரும் செய்வது ஒன்று உண்டு. பதற்றத்தில் ஒரு கையால் கைப்பிடியையும் லீவரையும் சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு மறு கையால் பின்னை இழுப்பார்கள், வராது. லீவரை அழுத்திப் பிடித்திருக்கும்போது பின் அந்தத் துளையில் இறுகிப் பிடித்திருக்கும். எவ்வளவு பலமாக இழுத்தாலும் அசையாது, சிலிண்டர் கெட்டுப்போனது என்று தூக்கி எறிந்தவர்களும் இருக்கிறார்கள். சிலிண்டரைத் தரையில் வைத்து, கழுத்தைப் பிடித்து, லீவரைத் தொடாமல், பின்னை முதலில் ஒரு திருகு திருகுங்கள், பிளாஸ்டிக் சீல் உடையும். பிறகு நேராக இழுங்கள்.

கதவிலேயே அரை வினாடி அழுத்திப் பாருங்கள். இது மாதச் சோதனை இல்லை, நிஜமாகப் பயன்படுத்தும் தருணம், அதனால் கசிவைப் பற்றிக் கவலை இல்லை. பவுடர் வருகிறதா என்று இங்கேயே தெரிந்துகொள்ளவேண்டும், தீயின் முன்னால் நின்று தெரிந்துகொள்ளக்கூடாது. வரவில்லை என்றால் சிலிண்டரைக் கீழே போட்டுவிட்டுக் கதவைச் சாத்துங்கள், விஷயம் அவ்வளவுதான்.

சிலிண்டரை நிமிர்த்தியே பிடியுங்கள். உள்ளே அடிவரை ஒரு குழாய் இறங்குகிறது. சாய்த்தோ படுக்கவைத்தோ அடித்தால் பவுடருக்குப் பதில் வாயு மட்டும் வெளியேறி, பாதிப் பவுடர் உள்ளேயே தங்கிவிடும்.

குனிந்து உள்ளே போய், தீயிலிருந்து இரண்டரை மூன்று மீட்டரில் நில்லுங்கள். உங்கள் 10க்கு 12 அடி அறையில் அது ஏறத்தாழ கதவருகேதான் இருக்கும். நல்லதாகப் போயிற்று, உள்ளே ஆழமாகப் போகவே வேண்டாம். நாஸிலைச் சுவாலையின் அடிக்கு, அதாவது எரியும் அட்டையின் உங்கள் பக்கத்து ஓரத்துக்குக் குறிவையுங்கள். சுவாலையின் உச்சிக்கு அடித்தால் பவுடர் அதைத் தாண்டிச் சுவரில் பட்டு வீணாகிவிடும். முழுசாக அழுத்துங்கள், இடதும் வலதுமாகச் சுவாலையின் இரண்டு ஓரங்களையும் சற்றுத் தாண்டி வீசுங்கள், சுவாலை பின்வாங்கினால் நாஸில் அதைத் தொடரட்டும். மூன்று நான்கு வினாடியில் சுவாலை அமுங்கவேண்டும். ஐந்தாறு வினாடி ஆகியும் அமுங்கவில்லை என்றால் இந்தச் சிலிண்டரால் முடியாது. மீதிப் பவுடரும் தீரும்வரை நிற்காதீர்கள், அப்போதே திரும்புங்கள்.

கதவோரம்

ஒரு நிமிடம் சார். மூடிய அறையில் அந்தப் பவுடர் எங்கே போகும்? மைதானத்தில் காற்று கொண்டுபோனது, இங்கே?

பழைய_சைரன்

எல்லாரும் மறக்கும் இடம் இதுதான். பவுடர் எதிர்ச் சுவரில் பட்டு உங்களை நோக்கித் திரும்பி வரும். ஜன்னல் இல்லாத அறையில் 2 கிலோ பவுடர் சில வினாடியில் வெள்ளையாகவோ வெளிர்மஞ்சளாகவோ மூடிக்கொள்ளும், கையை நீட்டினால் விரல் தெரியாது. தொண்டை எரியும், இருமல் வரும், கண் எரியும். நச்சுப்பொருள் என்று சொல்லமுடியாது, ஆனால் வழி தெரியாமலாக்கும், மூச்சைப் பிடுங்கும், ஆஸ்துமா உள்ளவருக்கு நிஜமான ஆபத்து. பிரிட்டனின் பிஎஸ் 5306 பகுதி 8 என்ற விதிமுறையில் 2012 திருத்தத்திலிருந்து, அபாய மதிப்பீடு செய்து நியாயப்படுத்தினால் ஒழிய கட்டிடத்துக்குள் பவுடர் வைப்பதைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். வழி தெரியாமல் போவதும் மூச்சுத்திணறலும்தான் காரணம்.

ஆகவே உள்ளே போகும்போதே ஒரு கையோ காலோ கதவுப் பக்கச் சுவரோடு தொடர்பில் இருக்கட்டும். மேகம் மூடியதும் சுவரைத் தடவியே வெளியே வந்துவிடலாம். அணைந்துவிட்டதா என்று பார்க்க முன்னால் போகாதீர்கள், தெரியாது. பின்னால் வாருங்கள், முதுகைக் காட்டாமல், முகம் தீயின் பக்கமாக.

குறுக்குவழி_வேண்டாம்

இதோடு ஒரு உண்மைச் சம்பவம் சேர்க்கிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். ஒரு அலுவலகத்தில் பிரிண்டர் பக்கத்தில் பேப்பர்க் கட்டு பற்றியது. ஒருவர் 6 கிலோ பவுடரை முழுசாக அடித்தார். சுவாலை போய்விட்டது, எல்லாரும் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டுக்கொண்டு கதவில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஒன்றரை இரண்டு நிமிடம் இருக்கும், பேப்பர்க் கட்டுக்கு உள்ளேயிருந்து மறுபடி புகை. பவுடர் மேல் தோலில்தான் படிந்திருந்தது, உள்ளே கங்கு அப்படியே இருந்தது. யாரோ பக்கத்திலிருந்த விசிறியைப் போட்டார்கள், புகை போகட்டும் என்று! விசிறிக் காற்றில் அது சுவாலையாக எழுந்தது. அப்போது கையில் இருந்தது காலிச் சிலிண்டர்.

பழைய_சைரன்

நல்ல உதாரணம். ஏபிசி பவுடரில் முக்கியமாக இருப்பது மோனோ அம்மோனியம் பாஸ்பேட். அது சூட்டில் உருகிக் கட்டி மாதிரி பொருளின் மேல் பிடித்துக் காற்றை மறைக்கும், அதனால்தான் துணி, அட்டை, மரம் போன்றவற்றுக்கு ஏற்றது. ஆனால் உள்ளே இருக்கும் சூட்டை அது எடுப்பதில்லை, தண்ணீர்தான் எடுக்கும். சுவாலை போனபிறகு கங்கின் மேல் தண்ணீர் ஊற்றவேண்டும், அதுவும் மின்சாரம் துண்டிக்கப்பட்டது உறுதியான பிறகுதான். இல்லையென்றால் கதவைச் சாத்தி வெளியே நின்று தீயணைப்பு வீரர்களுக்குக் காத்திருங்கள்.

கதவோரத்தின் அறையில் மின்சாரம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் நிலைமை வேறு. பவுடர் மின்சாரத்தைக் கடத்துவதில்லை (லேபிளில் எழுதியிருக்கும் வோல்ட் அளவுக்குள்), அதனால் உங்களுக்கு அதிர்ச்சி வராது. ஆனால் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் பொறி பறந்துகொண்டே இருந்தால் அணைத்தது மறுபடி எரியும். 2 கிலோவில் அதோடு போட்டி போடமுடியாது.

மூன்றாம்_மாடி

அப்போ சமையலறைச் சட்டியில் எண்ணெய் பற்றினால் பவுடர் போதுமா? பெரிய சிலிண்டர் இருந்தால் எதையும் அணைக்கலாம் என்று நினைத்திருந்தேன்.

பழைய_சைரன்

எண்ணெய்க்குப் பவுடர் கடைசித் தேர்வுதான். பக்கத்திலிருந்து அழுத்தத்தோடு அடித்தால் கொதிக்கும் எண்ணெய் சிதறும். சுவாலை அமுங்கினாலும் எண்ணெயின் சூடு அது தானாகப் பற்றும் வெப்பநிலைக்கு மேல் இருக்கும், பவுடர் போனதும் திரும்பப் பற்றிக்கொள்ளும். அடுப்பை அணைத்து, மூடியால் பக்கவாட்டிலிருந்து தள்ளி மூடி, ஆறும்வரை திறக்காமல் இருப்பதுதான். சிலிண்டர் பெரிதாக இருந்தாலும் குளிர்விக்காது, அளவு கூடினால் வினாடிதான் கூடும்.

லித்தியம் பேட்டரியும் இதே கதை, இன்னும் மோசம். பேட்டரி சீறி வெள்ளைப் புகை விட ஆரம்பித்தால் பக்கத்தில் போகாதீர்கள். பவுடர் மேலே உள்ள சுவாலையை அமுக்கும், உள்ளே செல் செல்லாகச் சூடு பரவுவதை நிறுத்தாது. எரிவாயு கசிந்து எரிவது? வால்வை மூட முடிந்தால் மூடுங்கள். முடியாவிட்டால் சுவாலையை அணைக்காதீர்கள். அணைத்துவிட்டால் கசிந்த வாயு அறையில் சேர்ந்து அடுத்த பொறியில் வெடிக்கும்.

ஓடு_முதலில்

இவ்வளவும் படித்தபிறகு எனக்குத் தோன்றுவது ஒன்றுதான், பயிற்சி இல்லாதவர் தொடவே வேண்டாம். கதவைச் சாத்து, வெளியே போ, அழை. ஒரு அட்டைப்பெட்டியைக் காப்பாற்ற யாரும் சாகவேண்டாம். நான் என் வீட்டில் சிலிண்டரே வைக்கவில்லை.

பழைய_சைரன்

முதல் பாதியில் உங்களோடு பாதி ஒத்துப்போகிறேன். ஆனால் தொடக்கத்திலேயே முழங்கால் உயரச் சுவாலையை மூன்று வினாடியில் அமுக்கினால், ஒரு கட்டிடம் காலியாக வேண்டிய தேவை வராமல் போகலாம். மாடியில் நடக்கமுடியாத ஒருவர் இருந்தால் அந்த மூன்று வினாடியின் அர்த்தமே வேறு. வெளியேறும் வழியிலேயே தீ இருந்தால் சிலிண்டர்தான் வழிவிடவைக்கும்.

ஓடு_முதலில்

அந்த மாதிரி ஆள் எல்லா வீட்டிலும் இல்லை. பதற்றத்தில் கூரையைப் பார், இடுப்பைப் பார், கதவைப் பார் என்று யாருக்கும் ஞாபகம் வராது. நீங்கள் நிறைய தீ பார்த்தவர், உங்களுக்கு வரும். எனக்கு வராது. எங்களைப் போன்றவர்களுக்கு "போ" என்ற ஒரே விதிதான் பாதுகாப்பு.

குறுக்குவழி_வேண்டாம்

இது பேசித் தீராது. ஆனால் "போ" என்பதிலும் ஒரு வேலை இருக்கிறது என்பதைச் சொல்லவேண்டும், கதவைச் சாத்துவது. திறந்த கதவு என்றால் தீக்குக் காற்று, வராந்தாவுக்குப் புகை. சாத்திய கதவு சாதாரண மரமாக இருந்தாலும் நல்ல நேரம் வாங்கித் தரும். சாத்திய பிறகு மறுபடி திறந்து பார்க்காதீர்கள், சிலர் பார்ப்பார்கள். திறக்கத்தான் வேண்டுமென்றால் முதலில் புறங்கையால் கதவைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் கைவைக்கவேண்டாம்.

கதவோரம்

நன்றி எல்லாருக்கும். நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன், தவறென்றால் திருத்துங்கள். சிலிண்டரைக் கதவுக்கு வெளியே மாற்றுகிறேன், பிரேக்கரும் வராந்தாவில்தான் இருக்கிறது. கதவிலிருந்தே அடிக்க முடியும் என்றால் உள்ளே காலடி வைக்கத் தேவையில்லை. சுவாலை அமுங்கியதும் நிறுத்திவிட்டுப் பின்னால் வந்து, மீதியுள்ள பவுடரோடு கதவில் நின்று பார்ப்பது. திரும்பப் பற்றினால் மீதியை அடிப்பது, அதுவும் தீர்ந்தால் கதவைச் சாத்திவிட்டு வெளியே.

பழைய_சைரன்

ஏறத்தாழ சரி. ஒரு திருத்தம்: கதவில் நின்று பார்ப்பது புகை கருப்பாக உங்கள் பக்கம் வராத வரைதான். கரும்புகை வந்தால், கையில் பவுடர் மிச்சமிருந்தாலும் போய்விடுங்கள்.

நாலு_சக்கரம்

அடித்தபிறகு மிச்சமுள்ள சிலிண்டரை மறுபடி மாட்டி வைக்கலாமா, பாதிதானே காலியானது?

குறுக்குவழி_வேண்டாம்

கூடாது. மேலே சைரன் சொன்ன அதே வால்வுக் கசிவு. அரை வினாடி அடித்திருந்தாலும் நிரப்பவேண்டும். அதுவரை அந்த ஆணியில் வேறொரு நிறைந்த சிலிண்டரை மாட்டுங்கள், காலியானதை வேறு இடத்தில் படுக்கவைத்துச் சீட்டு ஒட்டுங்கள்.

பவுடர் படிந்த கம்ப்யூட்டர் பற்றியும் யாராவது கேட்பார்கள், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஈரத்துணியால் துடைக்கவேண்டாம். அந்தப் பாஸ்பேட் ஈரம் பட்டால் அமிலத்தன்மையோடு உலோகத்தை அரிக்கும். உலர்ந்த நிலையிலேயே உறிஞ்சி எடுங்கள், மின் இணைப்பு கொடுப்பதற்கு முன்.

மூன்றாம்_மாடி

சர்வீஸ்காரரிடம் இன்று கொடுத்துவிட்டேன். வால்வைக் கழற்றியதும் கழுத்திலேயே பவுடர் படிந்திருந்தது. முள்ளும் இன்று காலையில் பார்த்தபோது பச்சையின் ஓரத்துக்கு இறங்கியிருந்தது.

ஓடு_முதலில்

இப்போதாவது ஒத்துக்கொள்கிறீர்களா, சிலிண்டர் வைத்திருப்பது ஒரு வேலை என்று?

மூன்றாம்_மாடி

ஒத்துக்கொள்கிறேன், ஆனால் வைத்துக்கொள்ளத்தான் போகிறேன்.